சாதி, வர்க்கம், பால்நிலை: குறுக்குவெட்டுப் பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மாதர் சங்கங்களிலும் தொழிலாளர் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அதே சந்தேகங்கள் வருகின்றன. சிலர் கையை உயர்த்திக் கேட்கிறார்கள். பலர் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஓரமாக வந்து கேட்கிறார்கள். இரண்டாவது வகைக் கேள்விகள்தான் கூர்மையானவை. கேட்டவர்களின் வார்த்தைகளையே முடிந்தவரை வைத்திருக்கிறேன். மூன்றாம் கேள்வியில் வரும் விடுதிக் கணக்கைத் தவறவிடாதீர்கள். பின்னால் உள்ள பல பதில்கள் அதன்மேல்தான் நிற்கின்றன.

குறுக்குவெட்டுப் பார்வை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒருவரின் சாதி, வர்க்கம், பால்நிலை ஆகிய மூன்றும் அவர்மேல் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவை சேரும் இடத்தில், தனித்தனியாகப் பார்த்தால் கண்ணில் படாத ஒரு நிலைமை உருவாகிறது. அந்த நிலைமையைத் தேடிப் பார்க்கும் முறைதான் இது.

"பெண்களுக்கு என்ன குறை?" என்று மட்டும் கேட்டால், பேசத் தெரிந்த, மாதச் சம்பளம் வாங்குகிற, சாதியில் மேலே வைக்கப்பட்ட பெண்ணின் குறைதான் பெரும்பாலும் பதிலாக வரும். "ஒடுக்கப்பட்ட சாதிக்கு என்ன குறை?" என்று கேட்டால் ஆண்கள் எழுந்து பதில் சொல்வார்கள். இரண்டு பதில்களும் பொய்யல்ல. ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கூலிக்காரப் பெண் இரண்டிலும் இருக்கமாட்டார்.

இது அமெரிக்கக்காரர் கண்டுபிடித்தது. நமக்கு எதற்கு?

கண்டுபிடித்த கதையே பதில் சொல்லும். ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பின்னர் பொருளாதாரம் சரிந்தபோது, "கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும்" என்ற விதிப்படி ஆட்குறைப்பு நடந்தது. 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலையை இழந்தார்கள். 1976-இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் முன்பிருந்தே பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு பற்றிய முறைப்பாட்டை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த இன்னொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரு முறைப்பாடாகக் கேட்பதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

இந்தத் தீர்ப்பை எடுத்து ஆராய்ந்துதான் சட்டப் பேராசிரியர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் இந்தக் கருத்துக்குப் பெயர் கொடுத்தார். நாற்சந்தியில் நின்று விபத்துக்குள்ளானவரை எந்தத் தெருவில் வந்த வாகனம் மோதியது என்று எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர் தந்த உவமை.

பெயர்தான் அங்கிருந்து வந்தது. சாதியும் பெண்ணும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் விளக்கிவிட்டார். அதைப் பற்றி ஏழாம் கேள்வியில் வருகிறது.

நம்முடைய ஊர் வேலைத்தலத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் ஒரு விடுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் கட்டிய விடுதி. எந்த உண்மையான விடுதியையும் குறிக்கவில்லை. அங்கே 50 பேர் வேலை செய்கிறார்கள்: 30 ஆண்கள், 20 பெண்கள். பக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் வாழும் ஒரு கிராமம் உண்டு. அந்தக் கிராமத்திலிருந்து 18 பேர் வேலைக்கு வருகிறார்கள். பன்னிரண்டு ஆண்கள் தோட்டத்திலும் படகிலும் உணவு மண்டபத்திலும் இருக்கிறார்கள். ஆறு பெண்கள் சலவையிலும் குளியலறை சுத்தம் செய்வதிலும் இருக்கிறார்கள். மற்றப் பதினான்கு பெண்கள் வரவேற்பிலும் கணக்கிலும் உணவு பரிமாறுவதிலும் இருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்தது, நமது கரையில் சுற்றுலாப் பருவம் தொடங்கும் நேரத்தில். அறைகள் வெறுமையாயின. விடுதி எட்டுப் பேரை நிறுத்துகிறது. கடைசியாக வந்தவர் முதலில் போகிறார். கிராமத்துப் பெண்கள் ஆறு பேரும் விடுதி பெரிதாகிச் சலவைக்கு ஆள் தேவைப்பட்ட பிறகு வந்தவர்கள். அவர்களும், வேறு ஊர் ஆண்கள் இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்போது முகாமையாளரிடம் கேளுங்கள். "பெண்களைக் குறிவைத்தீர்களா?" "இல்லையே, இருபதில் பதினான்கு பெண்கள் வேலையில் இருக்கிறார்கள்." "அந்தக் கிராமத்தை ஒதுக்கினீர்களா?" "இல்லையே, பதினெட்டில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்." இரண்டும் உண்மைக் கணக்கு. ஆனால் கட்டங்களைப் பிரித்துப் போட்டால், கிராமத்து ஆண்கள் 12-இல் 12 பேர் மிஞ்சுகிறார்கள், மற்றப் பெண்கள் 14-இல் 14 பேர் மிஞ்சுகிறார்கள், கிராமத்துப் பெண்கள் ஆறில் ஒருவரும் இல்லை. பெண்கள் பக்கம் விழுந்த இழப்பும் கிராமத்தின் பக்கம் விழுந்த இழப்பும் ஒரே ஆறு பேர்தான். மேலே சொன்ன அமெரிக்க வழக்கின் அச்சு இது. முகாமையாளர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் கவனியுங்கள். விதி எல்லோருக்கும் பொதுவானது. யாரைப் பிந்தி எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வரவேற்பு மேசைக்கு ஆங்கிலமும் சிங்களமும் தெரிய வேண்டும். அந்தப் பெண்களுக்குத் தெரியாது. இது தகுதிப் பிரச்சினைதானே?

இருக்கலாம். அதனால்தான் தகுதி தேவைப்படாத வேலைகளைப் பார்க்க வேண்டும். நான் முதலில் கேட்பது, தொழிலாளர்களுக்கான மதியச் சோற்றை யார் சமைக்கிறார்கள் என்பது. வெள்ளைக்காரர் சாப்பிடும் குசினிக்குச் சமையல் படித்தவர் வேண்டும், சரி. தொழிலாளர் சோற்றுக்குப் பருப்பும் மீன் குழம்பும் வைக்கத் தெரிந்தால் போதும். அந்த ஆறு பெண்களும் தினமும் தம் வீட்டில் அதைத்தான் செய்கிறார்கள். சலவையை விடக் கொஞ்சம் கூடக் கூலியும் கிடைக்கும். அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஆள் வந்து, சலவையில் இருப்பவர் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்றால், காரணம் மொழி அல்ல. "மற்றவர்கள் சாப்பிடமாட்டார்கள்" என்பதை யாரும் எழுதி வைக்கமாட்டார்கள். அந்த இடத்துக்கு வருகிற ஆளைப் பார்த்தால் தெரியும்.

இன்னொரு இடம் சேவைக் கட்டணம். விருந்தினரின் பற்றுச்சீட்டில் சேர்க்கப்படும் 10 சதவீதத்தை விடுதிகள் பணியாளருக்குப் பங்கிடுகின்றன. பருவ காலத்தில் அது சம்பளத்துக்குச் சமமாகக்கூட வரும். சலவையையும் சுத்தம் செய்வதையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால் அந்தப் பெண்கள் விடுதியின் பெயர்ப்பட்டியலில் இல்லை, பங்கும் இல்லை. ஒரே கூரையின் கீழ் அதே நேரம் வேலை செய்து, ஒரே வான் வண்டியில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் சாதியும் பாலும் சேர்ந்து ஒதுக்கிய வேலைதான் வெளியே ஒப்பந்தத்துக்குப் போகிறது, அதோடு பணமும் போகிறது.

சாதி யாழ்ப்பாணத்தில்தான். திருகோணமலையில் இந்தக் காலத்தில் யார் சாதி பார்க்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தைப் போன்ற இறுக்கம் இங்கே இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். மூன்று இனங்கள் கலந்து வாழும் துறைமுகப் பட்டினம் இது. இடப்பெயர்வு பல தெருக்களைக் கலைத்துப் போட்டிருக்கிறது. ஆனால் கலியாணத் தரகர் முதல் கேள்வியாக என்ன கேட்கிறார்? "எந்தப் பகுதி, யாருடைய ஆட்கள்?" செத்த வீட்டுக்குப் பறை அடிக்க இன்னும் யாருக்கு ஆள் அனுப்புகிறார்கள்? வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டு, "மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான்" என்று சொல்வது யாரிடம்? சாதியின் பெயரை வாயால் சொல்லாமலே அத்தனையும் நடந்துவிடுகிறது.

கணக்கு இல்லை என்பதும் உண்மைதான், ஏனென்றால் நமது குடிசன மதிப்பீடு இனத்தையும் மதத்தையும் கேட்கிறது; சாதியைக் கேட்பதில்லை. இல்லாத கணக்கை வைத்து இல்லாத பிரச்சினை என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் இல்லாத ஒன்றுக்கு யாரும் சட்டம் செய்யமாட்டார்கள். கோயில், கிணறு, கடை, பாடசாலை போன்ற பொது இடங்களில் சாதி காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்கி 1957-லேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது.

கையில் பணம் வந்தால் சாதி போய்விடும். எல்லாம் வர்க்கம்தானே?

பணம் சில கதவுகளைத் திறக்கும். கல்வீடு கட்டலாம், பிள்ளையை நல்ல டியூஷனுக்கு அனுப்பலாம், வைத்தியசாலைக்குப் போகாமல் தனியார் மருத்துவரிடம் போகலாம். ஆனால் எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல.

அதே கிராமத்திலிருந்து ஒரு ஆண் கட்டாருக்குப் போய் ஐந்து வருடத்தில் ஒரு லொறி வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஊரில் "முதலாளி" என்று பெயர் வரும். சாதியில் மேலே இருப்பவர்கூட மண் ஏற்ற அவரைத்தான் அழைப்பார். அவருடைய தங்கை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அதே அளவு பணம் அனுப்பினால், அவர் திரும்பி வந்ததும் முதலில் எழுவது அவருடைய நடத்தை பற்றிய பேச்சு. அரசும் அந்தப் பேச்சுக்கு முத்திரை குத்தியது. வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அனுமதி இல்லை என்று 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை முறை வந்தது. கிராம உத்தியோகத்தர் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை அலைய வேண்டியிருந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் ஒரு மாதக் குழந்தையை விட்டுப் போகும் தகப்பனிடம் அந்தக் காகிதத்தை யாரும் கேட்டதில்லை. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ போகும் தாய்க்காகவும் அந்த விதி கொண்டுவரப்படவில்லை. ஏழைத் தாய்மாருக்காக வந்த விதி அது. அவர்களிலும் பின்னால் பிள்ளையைப் பார்க்க உறவு இல்லாதவருக்கு இன்னும் கடினம்.

மகளைக் கண்டிப்பாக வளர்ப்பது பாதுகாப்புக்காக. இதில் சாதி எங்கே வந்தது?

மகன் வேறு சாதியில் காதலித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோபம், ஆறு மாதம் பேச்சில்லாமை, பிறகு பேரப்பிள்ளை பிறந்ததும் ஒருவாறு சமாதானம். மகள் அதையே செய்தால் கைபேசி பறிக்கப்படும், டியூஷன் நிற்கும், அவசரமாக மாப்பிள்ளை தேடப்படும், தங்கையின் கலியாணம் கெட்டுவிட்டது என்று தாய் அழுவாள். காதல் ஒன்றுதான், தண்டனை ஏன் இரண்டு?

அம்பேத்கர் 1916-இல் சொன்னது இதற்கு நேரடிப் பதில். சாதியைத் தாங்கி நிற்பது உள்ளுக்குள் மட்டும் கலியாணம் செய்யும் வழக்கம். அந்த வழக்கம் உடையாமல் இருக்க வேண்டுமென்றால் பெண்ணைக் கட்டி வைக்க வேண்டும். உடன்கட்டை, விதவைக்கு மறுமணத் தடை, சிறுமி மணம் மூன்றையும் அவர் இந்தக் கோணத்தில்தான் விளக்கினார். அந்த மூன்றும் இன்று நம் வீடுகளில் இல்லை. ஆனால் ஆறு மணிக்கு முன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதும், யார் மோட்டார் சைக்கிளில் ஏறினாள் என்று சந்தியில் நின்று பார்ப்பதும் அதே வேலையைச் செய்கின்றன. கிழக்கில் வீட்டையும் காணியையும் மகள் பெயரில் சீதனமாக எழுதுவது வழக்கம். சொத்து அவள் கையில் இருப்பதால் அவளுக்குச் சுதந்திரம் கூடும் என்று வெளியூரார் நினைக்கலாம். நடைமுறையில் சொத்து போகும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்கள்தான் கூடுகின்றன.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் சமம். இருவருக்கும் அரசாங்க உத்தியோகம். எங்களுக்கு இது பொருந்தாதே?

உங்கள் இருவருக்கும் இடையில் சமம் இருக்கலாம். அது எந்த நேரத்தில் உண்டாகிறது என்று பாருங்கள். காலை ஏழரைக்கு இருவரும் அலுவலகம் புறப்பட வேண்டும். ஆறரைக்கு ஒருவர் வந்து பாத்திரம் கழுவி, தேங்காய் துருவி, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். சமையல் யாருடைய வேலை என்ற சண்டை உங்கள் வீட்டில் இல்லாமல் போனது, அந்த வேலை இன்னொரு பெண்ணுக்குப் போனதால். அவருடைய பிள்ளைக்கு அந்த நேரத்தில் சாப்பாடு கட்டுவது பத்து வயதான மூத்த மகள்.

பின்விறாந்தை யன்னலில் அவருடைய கோப்பை தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். ஒரு மூலை உடைந்த வெள்ளைக் கோப்பை. வீட்டில் மற்றவர் அதில் குடிப்பதில்லை, அவரும் வேறு எதிலும் குடிப்பதில்லை. யாரும் அவரிடம் "இதில்தான் குடிக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். சுத்தம் கருதித்தான் என்பார்கள். ஆனால் குழாய் திருத்த வருபவருக்கு விருந்தாளிக் கோப்பையில் தேநீர் வரும். மேலே சொன்ன 1957 சட்டம் பொது இடங்களைப் பற்றியது. இந்த யன்னல்வரை அது வராது.

சட்டம் வராத இடம் இன்னும் உண்டு. வீட்டுப் பணியாளருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டமும் 2016-இல் வந்தபோது வீட்டுப் பணியாளரை வெளியே விட்டிருந்தது. உங்கள் சம்பளத்தில் மாதம் தவறாமல் நடப்பவை எதுவும் அவருக்கு நடப்பதில்லை. குறைந்தபட்சம் மாதச் சம்பளத்தைத் திகதி குறித்து எழுதிக் கொடுங்கள், வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுங்கள், கோப்பையை அலமாரிக்குள் மற்றவற்றோடு வையுங்கள். மூன்றாவதுதான் பல வீடுகளில் கடினமாக இருக்கிறது. செலவில்லாத காரியம் அது என்பதால் அதில் சாக்குச் சொல்ல முடிவதில்லை போலும்.

எங்கள் சமூகத்து ஆண்களுக்கும்தான் அவமானம். பெண்களை மட்டும் ஏன் தனியே எடுக்கிறீர்கள்?

அவமானம் உண்மை. ஐம்பது வயது ஆணை இருபது வயதுப் பையன் "டேய்" என்று அழைப்பதும், களவு போனால் அவரைத்தான் முதலில் விசாரிப்பதும் ஒடுக்கப்பட்ட சாதி ஆணுக்கென்றே வரும் அடிகள். அவருடைய மனைவிக்கு அதே வடிவில் வராது. ஆகவே குறுக்குவெட்டுப் பார்வை ஆண்களையும் பார்க்கிறது.

கூலி வாங்கும் நேரத்தில் அவரே மறுபக்கத்தில் நிற்பதையும் பார்க்கிறது. வெங்காயத் தோட்டத்தில் ஒரே நாள் வேலைக்கு ஆண் கூலி ஒன்று, பெண் கூலி இன்னொன்று. "பெண்ணுக்குக் குறைவு" என்பதை முதலாளியோடு சேர்ந்து அவரும் ஏற்றுக்கொள்கிறார். பல இடங்களில் மனைவியின் கூலியையும் அவர்தான் வாங்குகிறார். ஒரே ஆள் காலையில் ஒடுக்கப்படுபவராகவும் மாலையில் ஒடுக்குபவராகவும் இருக்கலாம்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் புள்ளி போட்டு, யாருக்குக் கூடக் கஷ்டம் என்று பார்ப்பதா?

இல்லை. பெண் என்றால் ஒரு புள்ளி, ஏழை என்றால் ஒரு புள்ளி, தாழ்த்தப்பட்ட சாதி என்றால் ஒரு புள்ளி என்று கூட்டினால், மூன்று புள்ளிப் பெண் எல்லாவற்றிலும் பின்னால் நிற்பாள் என்று வந்துவிடும். அப்படி நடப்பதில்லை.

கணவனை இழந்த இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாதியில் மேல், கையில் காசில்லை. மற்றவர் விடுதி உதாரணத்தில் வந்த கிராமத்துப் பெண். இரண்டாமவர் மறுநாளே நாற்று நடப் போவார். கூலி குறைவு, ஆனால் அவர் போவதை யாரும் தடுக்கமாட்டார்கள். முதலாமவர் கூலிக்குப் போனால் குடும்ப மானம் போய்விடும் என்று சகோதரர்கள் தடுப்பார்கள். அவர்கள் அனுப்பும் அரிசியை எதிர்பார்த்து, அவர்கள் சொல்லுக்கு அடங்கி வீட்டுக்குள் இருப்பார். சாதியின் மேன்மைதான் அவர் கையைக் கட்டியது. ஆனால் மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால், வங்கிக் கடனுக்குப் பிணை நிற்க முதலாமவருக்கு உறவில் ஒரு உத்தியோகத்தர் இருப்பார், இரண்டாமவருக்கு இருக்கமாட்டார். எந்தக் காரியத்தில், எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் யார் மேல் யார் கீழ் என்று சொல்ல முடியாது.

நமது மாவட்டத்தில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உண்டா?

உண்டு, வெட்டும் கோடுகள் வேறு. கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள முஸ்லிம் பெண்ணுக்குச் சாதியை விட 1951 முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பெரிய விஷயம். அந்தச் சட்டத்தின்படி நிக்காஹ் பதிவில் மணமகளின் கையொப்பம் தேவைப்படவில்லை. கந்தளாய்க் குடியேற்றத்தில் சிங்களப் பெண்ணுக்கு அனுமதிப்பத்திரக் காணி: 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைகளை முன்னே வைத்திருந்தது. அனுமதிப்பத்திரக் காணியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே வரிசைதான் இருந்தது. பெண்களைப் பின்தள்ளிய அந்த வரிசை 2022-இல் திருத்தப்பட்டது.

விடுதி உதாரணத்தில் அந்த ஆறு பெண்களும் வழக்குப் போட முடியுமா?

நேரான வழி கடினம். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், சாதி, பால் முதலிய காரணங்களால் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் 126-ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள். தனியார் விடுதி அதற்குள் அகப்படாது. அரசு அலுவலகத்திலோ உள்ளூராட்சி மன்றத்திலோ இதே நடந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

விடுதிக்குப் பொருந்துவது 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்க, வேலை முடிவுறுத்தல் பற்றிய சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்பில் நிறுத்தக்கூடாது. இங்கேதான் சலவையை ஒப்பந்தக்காரரிடம் விடும் கதை திரும்ப வருகிறது. அப்படி விட்டிருந்தால் பெயர் விடுதியில் இருக்காது, நாட்கள் ஒப்பந்தக்காரரின் புத்தகத்தில் இடைவெளி விட்டுப் பதியப்பட்டிருக்கும். சட்டத்தில் ஆணும் பெண்ணும் சாதியும் ஒன்றும் எழுதப்படவில்லை; ஆனால் அது காக்காமல் விடும் ஆட்கள் அதே ஆறு பேர். ஆகவே சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வேலைக்குப் போன திகதிகளை ஒரு கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். கைபேசியில் மேற்பார்வையாளர் அனுப்பிய "நாளைக்கு வா" என்ற செய்திகளை அழிக்கக்கூடாது.

பெண்களுக்கு ஒதுக்கீடு வந்துவிட்டதே. இன்னும் ஏன் பிரித்துப் பேச வேண்டும்? ஒற்றுமை உடையாதா?

உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற சட்டம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். எந்தப் பெண் என்று அது கேட்பதில்லை; பட்டியலை எழுதுவது கட்சி. உள்ளே போனவர்களில் முன்னாள் உறுப்பினரின் மனைவி எத்தனை, நாட்கூலிக்குப் போகிறவர் எத்தனை என்று உங்கள் பிரதேச சபையை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒற்றுமை பற்றிய பயம் பெரும்பாலும் தலைவர் கதிரையில் இருப்பவருக்குத்தான் வருகிறது. மாதர் சங்கக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் வரமுடியாது. வராதவர் பொருளாளராக முடியாது. சுழற்சிக் கடன் யாருக்கு என்று முடிவு செய்யும்போது அவர் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது. மூன்று மாதம் கழித்து "அவர்களுக்கு ஆர்வமில்லை" என்று கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள். கூட்டத்தை மாலை ஐந்துக்கு மாற்றச் சொன்னால் ஒற்றுமை உடைவதில்லை. சிலருக்கு வசதி குறைகிறது.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஆளுக்கொரு பிரிவு ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. ஒரு விதியோ வழக்கமோ ஒரு கூட்டத்தாரை உண்மையில் வேறுவிதமாக நடத்தும் இடத்தில் மட்டும் பிரிக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் எல்லை. ஆறு பேர் மிகச் சிறிய எண் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு விடுதியில் ஒரு வருடம் அப்படி நடந்தது தற்செயலாக இருக்கலாம். பக்கத்து விடுதிகளிலும் அதே வரிசையில் ஆட்கள் போனார்களா, சுற்றுலா மீண்ட பிறகு யாரைத் திரும்ப அழைத்தார்கள் என்று பார்த்தால்தான் சொல்லலாம்.

பிரிக்கவே தேவையில்லாத காரியங்களும் உண்டு. ஐம்பது பேருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்றால் அது சம்பளப் பாக்கி, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே முறைப்பாட்டில் கையொப்பமிட்டுத் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். ஆனால் கையொப்பம் வாங்க எடுக்கும் பெயர்ப்பட்டியல் விடுதியின் பதிவேட்டிலிருந்து எடுத்ததா, அதில் ஐம்பது பெயர் இருக்கிறதா நாற்பத்துநான்கு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போங்கள்.